ஆல்ஃபா என்றொரு மிச்சக் கணக்கு

2021 அக்டோபர். கொளவாய் ஏரிக்கரையில் காலை நடையை முடித்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். கல்பாக்கத்தில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு வழவழப்பான காகிதத்தை எடுத்து நீட்டினார்.

"சார், நீங்க கணக்குப் பிரிவுல இருந்தவரு. இதைப் பாத்துச் சொல்லுங்க. பதினேழு சதவீதம் ஆல்ஃபாவாம். எஃப்.டி.ய எடுத்து இதுல போட்டுடலாமா?"

அவருடைய வைப்புநிதிக்கு வங்கி ஆறு சதவீதத்தைச் சுற்றித்தான் வட்டி கொடுத்துக்கொண்டிருந்தது. பணிக்கொடையும் விடுப்புச் சம்பளமுமாக வந்ததில் மிச்சமிருந்த பதினைந்து லட்சம் அது. மகள் கல்யாணம் முடிந்துவிட்டது. இனிமேல் அவருக்கும் அவர் மனைவிக்கும் அந்தப் பணம்தான் தெம்பு. அதைக் கேட்டு வந்தவர் முப்பது வயதுப் பையன். பரஸ்பர நிதி ஏஜெண்ட். நல்ல பையன்தான், "ஐயா, ஐயா" என்று மரியாதையாகப் பேசுவான். ஆனால் அந்தக் காகிதத்தில் இருந்த கணக்கு தப்பு. அது எழுத்துப் பிழையோ கூட்டல் பிழையோ அல்ல. எங்களைப் போன்றவர்களிடம் வருடா வருடம் கொண்டு வந்து காட்டப்படும் தப்பு. இப்போது மறுபடியும் அதே மாதிரிக் காகிதங்கள் எங்கள் தெருவில் சுற்ற ஆரம்பித்திருப்பதால் இதை எழுதுகிறேன்.

காகிதம் சொன்னது இவ்வளவுதான். 2020 மார்ச் கடைசி முதல் 2021 மார்ச் கடைசி வரை அந்தத் திட்டம் 88 சதவீதம் ஏறியது. நிஃப்டி 50 குறியீடு 8,597-லிருந்து 14,690-க்குப் போனது. அதாவது 71 சதவீதம். எண்பத்தெட்டில் எழுபத்தொன்று போனால் பதினேழு. அந்தப் பதினேழுக்கு ஆல்ஃபா என்று பெயர் சூட்டி, பக்கத்தில் ஒரு பச்சை அம்பும் போட்டிருந்தார்கள்.

ஆல்ஃபா என்பது அது அல்ல. 1964-ல் வில்லியம் ஷார்ப் என்ற அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் ஒரு கட்டுரை எழுதினார். லிண்ட்னர், மோசின் என்ற இருவரும் அதே காலத்தில் தனித்தனியாக அதே முடிவுக்கு வந்தார்கள். அதைத்தான் சி.ஏ.பி.எம். என்கிறோம். ஷார்ப்புக்கு 1990-ல் நோபல் பரிசும் கிடைத்தது. நான் ஐ.சி.டபிள்யூ.ஏ. படித்த நாளில் இதை உருப்போட்டு எழுதியிருக்கிறேன். புரிந்தது என்னவோ ரொம்பப் பிந்தித்தான்.

விஷயம் எளிது. ஆபத்தே இல்லாமல் அரசாங்கப் பத்திரத்தில் போட்டால் ஒரு வட்டி கிடைக்கும். ஆபத்தை ஏற்று சந்தைக்குப் போகிறவன் அதற்கு மேல் கொஞ்சம் கூலி எதிர்பார்ப்பான். எவ்வளவு கூலி என்பது, அவன் வாங்கிய பங்கு சந்தையோடு சேர்ந்து எவ்வளவு ஆடுகிறது என்பதைப் பொறுத்தது. சந்தை பத்து ஏறினால் இது பன்னிரண்டு ஏறி, சந்தை பத்து இறங்கினால் இதுவும் பன்னிரண்டு இறங்கினால் அதன் பீட்டா 1.2. ஆகவே:

தேவையான வருமானம் = ஆபத்தில்லா வட்டி + பீட்டா × (சந்தை வருமானம் − ஆபத்தில்லா வட்டி)

கையில் வந்தது இந்தத் தேவையான வருமானத்தைத் தாண்டியிருந்தால், தாண்டியது மட்டும்தான் ஆல்ஃபா. வடகிழக்குப் பருவமழை கொட்டி கொளவாய் ஏரி நிரம்பினால், கரையில் இரண்டு கூடை மண் அள்ளிப் போட்ட காண்டிராக்டர் "என்னால்தான் ஏரி நிரம்பியது" என்று பில் கொடுக்கக் கூடாது. மழையின் பங்கைக் கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் பில்.

பென்சிலை எடுத்து அந்தக் காகிதத்தின் பின்புறத்திலேயே போட்டேன். முதலில் 71 என்ற எண். நிஃப்டி குறியீட்டில் விலை மட்டும்தான் இருக்கிறது, டிவிடெண்ட் இல்லை. திட்டத்தின் என்.ஏ.வி.யில் டிவிடெண்டும் சேர்ந்திருக்கிறது. ஒருவன் சம்பளத்தோடு பஞ்சப்படியைச் சேர்த்துக்கொண்டு, எதிராளியின் அடிப்படைச் சம்பளத்தோடு ஒப்பிடுகிற மாதிரி இது. வருடத்துக்கு ஒன்றேகால், ஒன்றரை சதவீதம் இப்படிச் சும்மா கிடைத்துக்கொண்டிருந்தது. செபி இதைப் பார்த்துவிட்டுத்தான், 2018 பிப்ரவரி முதல் டிவிடெண்ட் சேர்த்த மொத்த வருவாய்க் குறியீட்டோடுதான் ஒப்பிட வேண்டும் என்று உத்தரவு போட்டது. ஒரே சுற்றறிக்கையில் எத்தனையோ நிதிகளின் "திறமை" ஒன்றரை சதவீதம் கரைந்தது. ஏஜெண்ட் பையனுடைய காகிதம் மூன்று வருடம் கழித்தும் பழைய பழக்கத்தை விடவில்லை. டிவிடெண்டைச் சேர்த்தால் நிஃப்டியின் வருமானம் சுமார் 72.5.

அடுத்து பீட்டா. நிதி நிறுவனமே மாதா மாதம் வெளியிடும் ஃபேக்ட் ஷீட்டில், கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில் அது இருக்கும். 1.2 என்று போட்டிருந்தது. அந்த வருடம் அரசின் குறுகிய காலக் கருவூலப் பத்திர வட்டி மூன்றரை சதவீதத்தைச் சுற்றி இருந்தது. எழுபத்திரண்டரையில் மூன்றரை போனால் 69. அதை 1.2 ஆல் பெருக்கினால் 82.8. மூன்றரையைத் திரும்பச் சேர்த்தால் 86.3. அத்தனை பீட்டாவோடு அந்த வருடம் சந்தையில் இருந்த எவனுக்கும், எதுவும் தெரியாவிட்டாலும், 86.3 வந்திருக்க வேண்டும். திட்டத்துக்கு வந்தது 88. ஆல்ஃபா 1.7. பதினேழு இல்லை.

அந்த 1.7-ம் நிற்கவில்லை. 88 என்பது நேரடித் திட்டத்தின் வருமானம். 2013 ஜனவரியிலிருந்து ஏஜெண்ட் இல்லாமல் வாங்குகிறவர்களுக்கு என்று இருப்பது அது. பையன் விற்க வந்தது கமிஷன் சேர்ந்த வழக்கமான திட்டம். அதன் வருமானத்தை அதே ஃபேக்ட் ஷீட்டில் தேடினால் 86.4 என்று இருந்தது. மிச்சம் 0.1. நண்பர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"அப்ப அந்தப் பதினேழு?"

"மழை சார்" என்றேன்.

இன்னொன்றும் இருந்தது. திட்டத்தின் பணத்தில் முப்பது சதவீதம் சிறிய நிறுவனங்களில் இருந்தது. அந்த வருடம் சிறு நிறுவனக் குறியீடு இருமடங்கைத் தாண்டியே போயிருந்தது. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு எழுபது சதவீதத்தை நிஃப்டியிலும் முப்பதைச் சிறு நிறுவனக் குறியீட்டிலும் போட்டிருந்தால்கூட, சரியாக இருமடங்கு என்று வைத்துக்கொண்டாலே 81 வருகிறது; இருமடங்குக்கு மேல் போன பகுதியையும் சேர்த்தால் மீதியும் நிரம்பிவிடும். பெரிய நிறுவனங்களின் குறியீட்டை எதிரே நிறுத்திக்கொண்டு சிறிய நிறுவனங்களை வாங்கினால், சிறியவை ஓடுகிற வருடத்தில் ஆல்ஃபா கொட்டும். ஓடாத வருடத்தில் அந்தக் காகிதம் அச்சாகாது.

என் கணக்கும் கொச்சையானதுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். முறையாகச் செய்ய வேண்டுமானால் ஒரே வருடத்தை எடுக்கக் கூடாது. மூன்று அல்லது ஐந்து வருட மாதாந்திர வருமானங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஆபத்தில்லா வட்டியைக் கழித்து, சந்தைக்கு எதிரே புள்ளி வைத்து, நடுவே ஒரு கோடு போட வேண்டும். கோட்டின் சரிவு பீட்டா. சந்தையின் மிகை வருமானம் பூஜ்யமாக இருக்கும் இடத்தில் கோடு எந்த உயரத்தில் நிற்கிறதோ அது ஆல்ஃபா. 1968-ல் மைக்கேல் ஜென்சன் இப்படித்தான் அமெரிக்காவின் 115 நிதிகளை, 1945 முதல் 1964 வரைக்குமானதை, எடுத்துப் பார்த்தார். செலவுகளைக் கழித்தபின் சராசரி ஆல்ஃபா வருடத்துக்கு மைனஸ் 1.1 சதவீதம். அதனால்தான் இதற்கு ஜென்சன் ஆல்ஃபா என்று பெயர். இந்தப் பெயரை உச்சரித்துக்கொண்டு விற்க வருகிறவர்கள், அவர் கண்டுபிடித்தது கழித்தல் குறி என்பதைச் சொல்வதில்லை.

முறையாகக் கோடு போட்டாலும் ஒரு வில்லங்கம் உண்டு. எனக்குக் கோபம் வருவது இங்கேதான். ஒரு நிதி மேலாளருக்கு உண்மையாகவே திறமை இருக்கிறது, வருடத்துக்கு இரண்டு சதவீதம் ஆல்ஃபா தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய நிதி, சந்தையோடு சம்பந்தமில்லாமல் தன்பாட்டுக்கு மேலும் கீழும் வருடத்துக்கு ஆறு சதவீதம் ஆடுகிறது. இது சாதாரணமான ஆட்டம்தான். இந்த இரண்டு சதவீதம் திறமையா, அதிர்ஷ்டமா என்று புள்ளியியல்காரர்கள் ஒப்புக்கொள்ளும் அளவுக்குத் தெரிய வேண்டுமானால் எத்தனை வருடம் பார்க்க வேண்டும்? ஆறை வருடங்களின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது பிழை. ஆல்ஃபா அந்தப் பிழையைப் போல இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். போட்டுப் பாருங்கள், முப்பத்தாறு வருடம் வருகிறது. எனக்கு அப்போது அறுபத்தொன்பது வயது. தெரிந்துகொள்வதற்குள் நூற்றைந்து ஆகிவிடும். அந்த மேலாளரும் அதற்குள் ரிட்டையர் ஆகி ஏதாவது ஏரிக்கரையில் நடந்துகொண்டிருப்பார். மூன்று வருட ஆல்ஃபாவைக் காட்டி ஒருவரின் கடைசிச் சேமிப்பைக் கேட்பது என்ன நியாயம்?

இது நடந்து முடிந்த வருமானத்தைப் பற்றியது. இனி வரப்போவதைப் பற்றிப் பேசும்போதும் இதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். "இந்தப் பங்கு சீப்பாக இருக்கிறது, ஆல்ஃபா இருக்கிறது" என்று டி.வி.யில் கையை ஆட்டிப் பேசுகிறார்களே, அது. ஒரு பங்கு இன்று 200 ரூபாய். அடுத்த வருடம் 6 ரூபாய் டிவிடெண்ட் தரும், விலை 220 ஆகும் என்று உங்கள் கணிப்பு. வரவு 26 ரூபாய், அதாவது 13 சதவீதம். இது போதுமா? ஆபத்தில்லா வட்டி 7, சந்தை அதற்கு மேல் 6 சதவீதம் கூலி தரும் என்று கொள்வோம். பீட்டா 1.2 என்றால் தேவையான வருமானம் 7-உம் 7.2-உம் சேர்ந்து 14.2. பதிமூன்றுதான் வருகிறது, ஆல்ஃபா மைனஸ் 1.2. பங்கு விலை அதிகம், வாங்காதே. பீட்டா 0.8 என்றால் தேவை 11.8 தான். ஆல்ஃபா ப்ளஸ் 1.2. விலை மலிவு, வாங்கு.

அறுபது மாதத் தரவை வைத்துக்கொண்டு ஒரு தனிப் பங்கின் பீட்டாவைக் கணக்கிட்டால், இரு பக்கமும் 0.2 பிழை இருப்பது சகஜம். 1.0 என்று வந்தால் அது 0.8 ஆகவும் இருக்கலாம், 1.2 ஆகவும் இருக்கலாம். அந்த இடைவெளிக்குள்ளேயே "வாங்கு" என்பது "வாங்காதே" என்று மாறிவிடுகிறது. சந்தைக்கூலி ஆறா, ஐந்தா, எட்டா என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே சண்டை. 220 என்ற கணிப்போ உங்களுடையது. பத்து ரூபாய் தவறினால் ஐந்து சதவீதம் போயிற்று. ஆல்ஃபா என்பது கழித்துக் கழித்து மிஞ்சுவது. கழித்த ஒவ்வொன்றிலும் இருந்த பிழை எல்லாம் பாத்திரத்தின் அடியில் கசடு மாதிரி அந்த மிச்சத்தில்தான் வந்து சேர்கிறது. அந்தக் கசடை எடுத்து வைத்துக்கொண்டு வைரம் என்கிறார்கள்.

"அப்படியானால் சூத்திரமே வேண்டாமா?" என்று நண்பர் கேட்டார். வேண்டும். பதிமூன்று வரும் என்று ஒருவன் சொன்னால், "இவ்வளவு ஆடுகிற சரக்குக்குப் பதிமூன்று போதுமா?" என்று திருப்பிக் கேட்பதற்கு வேண்டும். எங்கள் வயதில் பலர் வருமானத்தை எஃப்.டி. வட்டியோடு மட்டும் ஒப்பிட்டு மகிழ்ந்துபோகிறோம். தேவையான வருமானம் என்ற கேள்வியைக் கேட்பதே இல்லை. அந்த ஒரு கேள்விக்காக ஷார்ப்புக்கு ஒரு கும்பிடு. ஆனால் ஒன்று, ஒன்றரை சதவீத ஆல்ஃபாவை அதிலிருந்து பிழிந்தெடுத்து இதுதான் மலிவு என்று தீர்ப்புச் சொல்ல அது தாங்காது.

ஏஜெண்டுகளை மட்டும் திட்டிவிட்டுப் போனால் யோக்கியமில்லை. நானும் இதே ஏமாற்றை எனக்கு நானே செய்துகொண்டவன். 2007-ல் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கமாக ஒரு மனை வாங்கினேன். ஆறு லட்சம். 2019-ல் இருபத்தொரு லட்சத்துக்கு விற்றேன். பன்னிரண்டு வருடத்தில் மூன்றரை மடங்கு, வருடத்துக்குப் பதினொரு சதவீதம். வாங்கிய நாளில் அரசுப் பத்திரம் எட்டு சதவீதத்தை ஒட்டிக் கொடுத்தது. "நிலம் சந்தை மாதிரி ஆடாது, பீட்டா பூஜ்யம். எட்டுக்கு மேல் மூன்று சதவீதம் சுத்தமான ஆல்ஃபா" என்று கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மண்ணுக்கு இருக்கும் மதிப்பு காகிதத்துக்கு உண்டா என்று வேறு கேட்பேன்.

மண் ஆடவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? அதன் விலையை யாரும் தினம் சொல்லவில்லை, அவ்வளவுதான். 2008 கடைசியில் பங்குச் சந்தை பாதியாக விழுந்தபோது என் மனைக்கு என்ன விலை என்று தரகரைக் கேட்டேன். "விலை அப்படியேதான் இருக்கு சார், வாங்கத்தான் ஆளில்லை" என்றார். வாங்க ஆளில்லாத விலை விலையே இல்லை. அது விழுந்துவிட்டது, அறிவிப்பு வரவில்லை, அவ்வளவே. தினமும் விலை வராத பொருளுக்கு, போன வருடத்து விலையையே இந்த வருடமும் எழுதி வைத்துக் கணக்கிட்டால் பீட்டா பூஜ்யமாகத்தான் வரும். வெப்பமானியைப் பார்க்காமலே இருந்தால் காய்ச்சல் இல்லை என்று ஆகிவிடுமா?

பின்னால் உட்கார்ந்து நேர்மையாகப் போட்டேன். பத்திரப் பதிவு, தரகு, வேலி எல்லாம் சேர்த்துப் போனது எண்பதாயிரம். விற்கும்போது தரகும் மற்றதும் ஐம்பதாயிரம். ஆறு லட்சத்து எண்பதாயிரம் போட்டு இருபது லட்சத்து ஐம்பதாயிரம் எடுத்தேன். வருடத்துக்கு 9.6 சதவீதம். பீட்டா பூஜ்யம் என்பதை விட்டுவிட்டு அரை என்று எடுத்தால், எட்டும் மூன்றுமாகத் தேவை பதினொன்று. ஆல்ஃபா மைனஸ் 1.4. மூலதன ஆதாய வரியை இதில் சேர்க்கவே இல்லை.

இதோடும் தீரவில்லை. சி.ஏ.பி.எம்.மின் தேவையான வருமானம், நீங்கள் பணத்தை நூறு இடத்தில் பிரித்து வைத்திருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. ஒரு பங்குக்கே உரிய துரதிர்ஷ்டத்துக்கு அது கூலி தராது. பிரித்து வைத்தால் போய்விடும் ஆபத்துக்கு எதற்குக் கூலி என்பது அதன் வாதம். வாதம் சரிதான். ஆனால் நான் பிரித்து வைக்கவில்லையே. என் சேமிப்பில் பாதி அந்த ஒரே மனையில் கிடந்தது. 2004 டிசம்பர் 26-ல் இந்தக் கரை பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். வாங்கும்போது அதை நான் நினைக்கவும் இல்லை. கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள் 1991-ல் வந்தன, 2011-ல் மாறின, 2019-ல் மறுபடி மாறின. கோடு நகர்ந்தால் மனையில் வீடு கட்டலாமா கூடாதா என்பதே மாறிவிடும். சிற்பங்களுக்குப் பக்கத்தில் வாங்கிய இன்னொருவருக்குத் தொல்லியல் சட்டம். பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து நூறு மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கு அப்பால் இருநூறு மீட்டர் வரை அனுமதி வாங்க வேண்டும். பல்லவர் செதுக்கிய பாறை பக்கத்தில் இருப்பது அழகுதான். பிளான் அனுமதி கேட்கும்போதுதான் வலிக்கும். இதெல்லாம் பீட்டாவில் ஒரு துளியும் இல்லை. எல்லாம் என் தலையில் இருந்தது. அந்த ஆபத்துக்கு நான் கேட்டிருக்க வேண்டிய வருமானம் பதினொன்றல்ல, பதினைந்தோ பதினாறோ.

விற்க எனக்குப் பதினான்கு மாதம் பிடித்தது. முதலில் வந்தவர் கடற்கரைக் கோடு எங்கே போகிறது என்று வரைபடம் கேட்டுவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. அந்த நேரத்தில் வீட்டில் ஒரு அறுவை சிகிச்சை. மனை வைத்திருக்கிறேன், கையில் பணமில்லை. மைத்துனரிடம் கடன் வாங்கித்தான் ஆஸ்பத்திரிக்குக் கட்டினேன். என் மனைவி இதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. நண்பரின் காகிதத்தைப் பார்த்ததும் எனக்குப் பதற்றம் வந்ததற்கு அதுதான் காரணம்.

நண்பர் ஏஜெண்டை விரட்டவில்லை. நான் எழுதிக் கொடுத்த நான்கு கேள்விகளைக் கொடுத்தார். ஒப்பிட்ட குறியீடு எது, டிவிடெண்ட் சேர்ந்ததா? பீட்டா எத்தனை, எத்தனை மாதத் தரவு? நான் வாங்கப்போகிற திட்டத்தின் வருமானமா, நேரடித் திட்டத்தினுடையதா? சிறிய நிறுவனங்களில் எவ்வளவு? பையன் குறித்துக்கொண்டு, "மேலே கேட்டுட்டு வர்றேன் ஐயா" என்றான்.

இரண்டு வாரம் கழித்து வந்தான். புதுக் காகிதம் ஒன்று கொண்டு வந்திருந்தான். பதினேழு அப்படியே இருந்தது, அம்பு மட்டும் நீல நிறமாகியிருந்தது. நண்பர் அவனுக்குக் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, மறுநாள் ஏரிக்கரைக்கு அந்தக் காகிதத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வந்தார்.